“வந்திருக்கு” என்பதா, “வந்துள்ளது” என்பதா: ஒரு சுங்குடிக் கடையின் கேப்ஷன்கள்

மதுரை விளக்குத்தூண் பக்கம் இருக்கும் ஒரு சேலைக் கடைக்குக் கேப்ஷன் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, அந்தக் கடையை நடத்தும் அப்பாவும் மகளும் ஒரு விஷயத்தில் நேர் எதிராக நின்றார்கள். கல்லாவில் உட்காரும் அப்பாவுக்கு, கடையின் பெயரில் வெளியே போகும் எதுவும் நல்ல எழுத்துத் தமிழில் இருக்க வேண்டும். இன்ஸ்டாகிராமைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கு, பேசுவதுபோல் எழுதினால்தான் யாரும் நின்று படிப்பார்கள். இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. ஆனால் இருவருமே கேள்வியைத் தவறான இடத்தில் வைத்திருந்தார்கள் என்பது என் முடிவு. எப்படி அந்த முடிவுக்கு வந்தேன் என்பதை முழுதாகச் சொல்கிறேன்.

கடையில் முக்கியமான சரக்கு பருத்திச் சுங்குடி. வாங்குபவர்களை வயதால் மூன்றாகப் பிரிக்கலாம். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் பல ஆண்டுகளாக வருகிறவர்கள். வாட்ஸ்அப் பார்ப்பார்கள், ஆனால் பதிலைப் போன் செய்துதான் சொல்வார்கள். முப்பதிலிருந்து ஐம்பது வரையிலானவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகும் பெண்கள். படத்தைப் பார்த்து, வாட்ஸ்அப்பிலேயே பேசி, கூரியரில் வாங்குகிறார்கள். மூன்றாவது, கல்லூரி மாணவிகளும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும். இவர்கள் இன்ஸ்டாகிராம் வழியாக வருகிறார்கள்.

இந்த மூன்று கூட்டத்துக்கும் ஒரே கேப்ஷன்தான் போய்க்கொண்டிருந்தது. முன்பு அச்சகத்தில் எழுதி வாங்கிய வாசகம் இப்படி இருந்தது: “எங்களிடம் உயர்தரப் பருத்தி நூலினால் நெய்யப்பெற்ற சுங்குடிச் சேலைகள் நியாயமான விலையில் கிடைக்கப்பெறும்.” மகள் பொறுப்பேற்ற பிறகு அது அடியோடு மாறியது. கல்லூரி வாசலில் தோழிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சொற்களோடு முழுக்கப் பேச்சு நடைக்கு வந்துவிட்டது. விலை, நீளம், துவைக்கும் முறை, மாற்றிக்கொள்ளும் விதி எல்லாமே அதே நடையில்தான்.

சிக்கல் விற்பனையில் தெரியவில்லை, தொலைபேசியில் தெரிந்தது. கேப்ஷனில் ஏற்கெனவே சொல்லப்பட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஆகவே முதலில் எதையும் மாற்றாமல், போன் பக்கத்தில் ஒரு நோட்டு வைக்கச் சொன்னேன். எந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள், என்ன கேட்கிறார்கள், பேச்சை வைத்துப் பார்த்தால் வயது ஏறக்குறைய என்ன, இவ்வளவுதான் பதிவு. லைக் எண்ணிக்கையைவிட இந்த நோட்டு நம்பகமானது. ஒரு படத்துக்கு லைக் கூடுவதற்குச் சேலையின் நிறமே போதும். ஆனால் கேப்ஷனில் பதில் இருந்தும் ஒருவர் கேள்வி கேட்கிறார் என்றால், அந்த வரி அவரைப் போய்ச் சேரவில்லை என்றுதான் பொருள்.

நோட்டில் அதிகம் வந்த கேள்வி இரண்டு. ஒன்று, “ஜாக்கெட் துணி சேர்ந்ததா?” மற்றொன்று, மாற்றிக்கொள்வது பற்றியது. இரண்டையும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

மாற்றும் விதியை மகள் எழுதியிருந்த வரி: “நேர்ல வந்தா மாத்திக்கலாம்.” கடையின் உண்மையான விதி, நேரில் கொண்டுவந்தால் மட்டும்தான் மாற்றித் தருவார்கள், கூரியரில் திருப்பி அனுப்பினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இதே வரியை அவர் வாயால் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது. “நேர்ல” என்ற இடத்தில் குரல் அழுந்தும், கேட்பவர் புரிந்துகொள்வார். எழுத்தில் அந்தக் குரல் இல்லை. கோயம்புத்தூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வாங்கியவர்கள் அதை “நேரில் வந்தாலும் மாற்றிக்கொள்ளலாம்” என்று படித்துவிட்டு, கூரியர் செலவு செய்து சேலையைத் திருப்பி அனுப்பினார்கள். அதில் மனவருத்தம் வந்தது. பேச்சு வழக்கு அழுத்தத்தையும் இழுப்பையும் முகத்தையும் நம்பிப் பாதிப் பொருளைச் சொல்லாமல் விடுகிறது. எழுத்து வழக்கு அந்தப் பாதியையும் “மட்டுமே”, “தவிர”, “எனில்” போன்ற சொற்களால் சொல்லியாக வேண்டும் என்று நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. பணமும் பொறுப்பும் தொடர்பான வரிகளுக்கு அந்தக் கட்டாயம் தேவை.

ஜாக்கெட் துணிக் கேள்வி வேறு வகை. கேப்ஷனில் “வித்அவுட் பிளவுஸ்” என்று தமிழ் எழுத்தில் போட்டிருந்தார்கள். வயதானவர்கள் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். அவர்களுக்கு அது ஜாக்கெட். இன்னும் மூத்தவர்களுக்கு ரவிக்கை. இளையவர்களுக்கு ஜாக்கெட் என்றால் குளிருக்குப் போடுவது. இங்கே பேச்சா எழுத்தா என்ற கேள்வியே இல்லை. பெயர்ச்சொல் எந்தத் தலைமுறையுடையது என்பதுதான் கேள்வி. நோட்டைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதியானது இது: வயதுக்கு வயது மாறுவது வினைமுற்றைவிடப் பெயர்ச்சொல்தான். நிறங்களில் இதை நன்றாகப் பார்க்கலாம். அம்மாக்களுக்கு “அரக்கு” என்றால் கண்முன் அந்த நிறம் வந்துவிடும். மகளுக்கு “மெரூன்” என்று சொல்ல வேண்டும். “கிளிப்பச்சை” எல்லோருக்கும் புரிகிறது. “மயில் கழுத்து” என்றால் இரண்டு நிறம் கலந்து மின்னுவது என்று மூத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இளையவர்களுக்கு அது ஒரு நீலம். சேலையின் “கொசுவம்” கல்லூரிப் பெண்ணுக்கு “மடிப்பு” அல்லது “பிளீட்ஸ்”. நடையை மாற்றுவதற்கு முன் இந்தப் பெயர்களைச் சரி செய்தாலே பாதிக் கேள்வி குறைந்துவிடும். ஜாக்கெட்டுக்கு “பிளவுஸ் துணி” என்று முடிவு செய்தோம். மூத்தவர்கள் அந்தச் சொல்லைப் பேச்சில் பயன்படுத்தாவிட்டாலும் தையல்காரரிடம் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். மற்ற இரு சொற்களும் இளையவர்களுக்கு எட்டவில்லை. நிறத்துக்கு இரண்டு பெயரையும் போட்டோம்: “அரக்கு, மெரூன் என்றும் சொல்வார்கள்.”

எண்கள் இந்தத் தொல்லையிலிருந்து முழுதும் தப்பியவை. “ஐந்தரை மீட்டர்” என்று எழுதினால் அது எழுத்து வழக்கு, “அஞ்சரை” என்றால் பேச்சு. “5.5 மீட்டர்” என்று போட்டால் ஒவ்வொருவரும் அவரவர் வாயில் வருகிறபடி படித்துக்கொள்வார்கள். விலை, நீளம், நாள்கணக்கு மூன்றையும் இலக்கத்தில் போடச் சொன்னேன்.

பிறகுதான் நடைக்கு வந்தேன். ஒரே சேலை, ஒரே படம், இரண்டு வாசகம். அரக்கு நிறத்தில் மஞ்சள் புள்ளி போட்ட சேலை அது. வாட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் பட்டியலில் ஒன்றுக்கு 256 பேர் வரை சேர்க்கலாம். கடையின் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். வயதைக் கேட்டு யாரும் பட்டியல் போட முடியாது, ஆனால் கல்லாவில் இருப்பவருக்கு முகம் தெரியும். அவர் சொல்லச் சொல்ல மூன்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு எழுத்து நடையும் பாதிப் பேருக்குப் பேச்சு நடையும் அனுப்பினோம். சேலையையும் படத்தையும் நேரத்தையும் மாற்றாமல் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்த வாரம் மாம்பழ மஞ்சளுக்கு ஒரு நடை, அடுத்த வாரம் நீலத்துக்கு இன்னொரு நடை என்று சோதித்தால், தெரிவது நிறத்தின் இழுப்பு. நடையின் இழுப்பு அல்ல.

வந்த பதில்களில் எனக்கு முக்கியமாகப் பட்டதைச் சொல்கிறேன். மூத்தவர்களில் பேச்சு நடை போனவர்கள் சிலர் கல்லாவுக்குப் போன் செய்து, “தம்பி, இது உங்கள் கடையிலிருந்துதான் வந்ததா?” என்று கேட்டார்கள். இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. மோசடிச் செய்திகளைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எச்சரிக்கையாகிவிட்டவர்கள் அவர்கள். பல ஆண்டுகளாகக் கடைப் பலகையிலும் பில்லிலும் பொங்கல் வாழ்த்து அட்டையிலும் பார்த்த தமிழ் வேறு, இது வேறு. நடை மாறியதும், ஆளே மாறிவிட்டாரோ என்று சந்தேகப்பட்டார்கள். அந்த வயதில் எழுத்து நடை என்பது வெறும் மரியாதைப் பழக்கம் அல்ல, கடையின் கையெழுத்தைப் போன்றது.

அதே சமயம், மூத்தவர்களுக்குப் பேச்சு வழக்கே ஆகாது என்று முடிவு கட்டவும் இடமில்லை. செய்தியின் தொடக்கத்தில் “வாங்க” என்று இருந்ததை யாரும் குறை சொல்லவில்லை. கடை வாசலில் அவர்கள் காதில் விழும் சொல் அது. அவர்களை உறுத்தியது தோழியிடம் பேசுவதுபோன்ற விளியும் இளைஞர் சொற்களும். அதாவது “ங்க” சேர்ந்த பேச்சு வழக்கு அவர்களுக்கு நெருக்கம். “ங்க” இல்லாத பேச்சு வழக்கு உரிமை மீறல். பேச்சு, எழுத்து என்று இரண்டு பெட்டி போட்டால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

இன்னொன்று, கண் சார்ந்தது. அந்தத் தலைமுறையில் பலர் தமிழ் வழியில் படித்தவர்கள், தினமும் செய்தித்தாள் பார்ப்பவர்கள். “வந்துள்ளது” என்ற சொல்லை அவர்கள் எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை, பார்த்தவுடன் அறிகிறார்கள். “வந்துருக்கு”, “வெச்சிருக்கோம்” என்றால் ஒருகணம் நின்று, வாய்க்குள் சொல்லிப் பார்த்துத்தான் பொருளுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஏனென்றால் பேச்சுத் தமிழுக்கு ஒப்புக்கொண்ட எழுத்துமுறை கிடையாது: வச்சு, வெச்சு, வைச்சு மூன்றும் நடமாடுகின்றன.

ஆங்கில வழியில் படித்த இளையவர்களுக்கு எழுத்து நடை சிரமமாக இருக்கும் என்று மகள் எதிர்பார்த்தார். அது பாதிதான் சரியாக இருந்தது. அவர்கள் தடுக்கி விழுந்தது “வந்துள்ளது” போன்ற இடத்தில் அல்ல. “கிடைக்கப்பெறும்”, “நெய்யப்பெற்ற”, “பருத்திச்சேலைகளுக்கான” போன்ற இடங்களில். ஒட்டி எழுதிய நீளச் சொல்லும் செயப்பாட்டு வினையும்தான் அவர்களை நிறுத்தின. தமிழ் எழுத்தை மெதுவாகப் படிக்கிறவருக்குச் சொல் எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும். எழுத்து நடையிலேயே சொற்களைப் பிரித்து, வாக்கியத்தைக் குறுக்கி, செய்வினையில் எழுதினால் அவர்கள் தயங்காமல் படித்தார்கள்.

பேச்சு நடைக்கு இளையவர்களிடம் கிடைத்த உண்மையான பலன் வேறு இடத்தில் இருந்தது: அவர்கள் திரும்பப் பேசினார்கள். எழுத்து நடை போன பாதியில், வேண்டியவர் ஒற்றைச் சொல்லில் கேட்டார், வேண்டாதவர் சும்மா இருந்தார். பேச்சு நடை போன பாதியில் “வேறு கலர் இருக்கிறதா”, “இதற்கு எந்த பிளவுஸ் பொருந்தும்”, “கல்லூரி விழாவுக்குக் கட்டலாமா” என்று ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழில் உரையாடல் தொடங்கியது. கடைக்கு இது நல்லதுதான்; ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அத்தனைக்கும் பதில் எழுத மகள் ஒருவர்தான் இருந்தார், அதுவும் கடை சாத்திய பிறகு. பேச்சு நடை பேச்சை அழைக்கிறது. பதில் சொல்ல ஆள் இல்லாத நேரத்தில் அந்த நடையில் எழுதிவிட்டு மௌனமாக இருந்தால், எழுத்து நடையில் எழுதியிருந்தால் வராத ஏமாற்றம் வரும். ஆகவே இளையவர்களுக்கான பேச்சு நடைப் பதிவை, மகள் போனும் கையுமாக இருக்கக்கூடிய மாலை நேரத்துக்கு மட்டும் வைத்தோம்.

இடைநடு வயதினர் இரண்டு நடைக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே நடந்துகொண்டார்கள். அவர்களுக்கு வேண்டியது படம், விலை, எப்போது வந்து சேரும் என்பது. இதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

இதையெல்லாம் வைத்து, வயதுக்கு ஒரு நடை என்று மூன்று முழு வாசகம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் கடையில் எதிர்பார்த்தார்கள். நான் அதை ஏற்கவில்லை. காரணம், நோட்டில் திரும்பத் திரும்பத் தென்பட்ட ஒரு காட்சி. கல்லூரி மாணவி இன்ஸ்டாகிராமில் சேலையைப் பார்க்கிறார். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அம்மாவுக்கு அனுப்புகிறார். பணம் கொடுப்பவர் அம்மா; கடைக்குப் போன் செய்பவரும் அம்மா. சில சமயம் அம்மா அதைத் தன் அக்காவுக்கோ மாமியாருக்கோ அனுப்புகிறார். இளையவருக்கென்று எழுதிய கேப்ஷன் மூன்று வயதையும் தாண்டிவிட்டுத்தான் பில்லாகிறது. அழைப்பு வரி யாருக்கு எழுதப்பட்டதோ அவரோடு தங்கிவிடலாம். விலையும் விதியும் அப்படித் தங்குவதில்லை.

அதனால் கேப்ஷனை இரண்டாக வெட்டினோம். மேலே இருக்கும் அழைப்பு வரி வயதுக்கேற்ப மாறும். கீழே இருக்கும் தகவல் வரிகள் எந்தப் பட்டியலுக்குப் போனாலும் எழுத்துக்கூட மாறாது, எழுத்து நடையில் நிற்கும். அதே அரக்குச் சேலைக்கு எழுதியதை இங்கே தருகிறேன்.

மூத்தவர்களுக்கான அழைப்பு: “வாங்க. அரக்கு நிறத்தில் மஞ்சள் புள்ளிச் சுங்குடி வந்துள்ளது. மெல்லிய பருத்தி, வெயிலுக்கு இதமாக இருக்கும். கடைக்கு வந்து கையில் தொட்டுப் பாருங்கள்.”

இடைநடு வயதினருக்கு: “அரக்கு கலரில் மஞ்சள் புள்ளிச் சுங்குடி வந்திருக்கு. ஆபீசுக்குத் தினமும் கட்டலாம். கஞ்சி போட்டுக் கட்டினா மாலை வரைக்கும் மடிப்பு நிற்கும்.”

இளையவர்களுக்கு: “முதல் முறையா சேலை கட்டுறீங்களா? இந்தச் சுங்குடி லேசா இருக்கும், மடிப்பு வைக்கிறது சுலபம். மெரூன், மஞ்சள் புள்ளி.”

மூன்றுக்கும் கீழே ஒன்றுபோல வருவது: “அரக்கு, மெரூன் என்றும் சொல்வார்கள். விலை ரூ. 850. நீளம் 5.5 மீட்டர், பிளவுஸ் துணி கிடையாது. முதல் சலவையில் சாயம் சற்று விடும். உப்பு கலந்த தண்ணீரில் தனியாக அலசுங்கள். 7 நாட்களுக்குள் கடைக்கு நேரில் கொண்டுவந்தால் மட்டுமே மாற்றித் தருவோம். கூரியரில் திருப்பி அனுப்ப வேண்டாம்.”

இந்தக் கடைசிப் பத்தியைக் கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். அது எழுத்துத் தமிழ்தான். ஆனால் யாருக்கும் அரசாங்க அறிவிப்புபோல் ஒலிக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, இந்த வேலையில் எனக்கு மிகவும் பயன்பட்டதும் அதுவே. தமிழில் பேச்சும் எழுத்தும் எல்லா இடத்திலும் பிரிவதில்லை. “இருக்கும்”, “விடும்”, “நிற்கும்” என்று “உம்” முடிவு கொண்ட அஃறிணை வினைகள் இரண்டு வழக்கிலும் கிட்டத்தட்ட ஒன்றே. “கட்டலாம்”, “துவைக்கலாம்” போன்ற “லாம்” முடிவும் அப்படியே. “சுருங்காது”, “வெளுக்காது” போன்ற எதிர்மறையும், “உண்டு”, “தருவோம்”, “வேண்டாம்” போன்ற சொற்களும் படிப்பவர் எந்த வயதானாலும் இடறாதவை. “அலசுங்கள்” என்பதற்கும் “அலசுங்க” என்பதற்கும் இடையில் இருப்பது ஓர் எழுத்து. பேச்சாகப் படிக்க விரும்புகிறவர் அதை விழுங்கிக்கொள்வார். “அலசவும்” என்று எழுதியிருந்தால் அப்படி விழுங்க முடியாது. அது எழுத்தில் மட்டும் உயிர் வாழும் வடிவம், சொல்பவரும் கேட்பவரும் இல்லாத வடிவம். “தரப்படும்” என்பதை “தருவோம்” ஆக்கியதும் இதனால்தான்.

எனவே கேப்ஷன் எழுத உட்காரும்போது, எந்த நடை என்று முதலில் கேட்பதை நிறுத்திவிட்டேன். இந்தப் பொதுவான வடிவங்களால் சொல்ல முடிகிறதா என்று முதலில் பார்க்கிறேன். “இந்தச் சேலை வெயிலுக்கு இதமாக இருக்கிறது” என்றால் வழக்கு பிரிந்துவிடும்: இருக்கிறது, இருக்கு. “இதமாக இருக்கும்” என்றால் பிரிவு அனேகமாக மறைந்துவிடும். “அளித்து வருகிறோம்” என்பதைவிடத் “தருவோம்”. ஒரு கேப்ஷனின் பெரும்பகுதி இப்படியே கரைந்துவிடுகிறது. மிஞ்சுவது சில இடங்கள்தான்: நிகழ்கால, இறந்தகால அஃறிணை வினை, “ஆக” என்பது “ஆ” ஆவது, “இல்” என்பது “ல” ஆவது, “ஆல்” என்பது “ஆ” ஆவது. அந்த இடங்களில்தான் வயதைப் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும்.

பேச்சு நடையைத் தேர்ந்தெடுத்த வரிகளிலும் ஓர் எல்லை வைத்தோம். வினையின் வால் மட்டும் பேச்சாகலாம். பெயர்ச்சொல் முழுதாக இருக்க வேண்டும். “விலை” என்பதை ஒலிக்கிறபடி “வில” என்று எழுதினால் சொல்லே காணாமல் போகிறது. “இடம்” என்பதை “எடம்” என்றும் “நிறம்” என்பதை “நெறம்” என்றும் எழுதுவது வாய்க்கு உண்மையாக இருக்கலாம். ஆனால் கண் அந்தச் சொல்லை அறிந்துகொள்ள நேரமாகிறது. அதோடு, வினைமுற்றிலும் மதுரை மண்ணுக்கே உரிய வடிவங்களைத் தவிர்த்தோம். “வாங்கிக்கங்க” மதுரையில் இயல்பு, சென்னையில் “வாங்கிக்கோங்க”, யாழ்ப்பாணத்தார் “வாங்குங்கோ” என்பார்கள். கடை வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்புகிறது. எந்தப் பேச்சு வழக்கை எழுதினாலும் அது ஓர் ஊரின் பேச்சாகிவிடும். அந்த இடத்தில் “வாங்கலாம்” என்று பொது வடிவத்துக்குப் போய்விட்டால் பிரச்சினை இல்லை.

இடநெருக்கடி பற்றி ஒரு வார்த்தை. இன்ஸ்டாகிராமில் கேப்ஷனுக்கு 2,200 எழுத்துக்குறி வரை இடம் உண்டு. ஆனால் படத்தின் கீழே ஏறக்குறைய முதல் இரண்டு வரிதான் தெரியும், மீதி மடிந்துவிடும். தமிழில் மெய்யெழுத்தும் உயிர்மெய்யும் பெரும்பாலும் இரண்டு குறியாகக் கணக்காவதால், அந்த இடம் ஆங்கிலத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. பேச்சு நடை சுருக்கமானது, ஆகவே இடம் மிஞ்சும் என்று மகள் வாதிட்டார். எண்ணிப் பார்த்தோம். “வந்திருக்கிறது” 14 குறி, “வந்திருக்கு” 11, “வந்துள்ளது” 10. “இருக்கிறது” 10, “இருக்கு” 7, “உள்ளது” 6. எழுத்துத் தமிழுக்குள்ளேயே குறுகிய வடிவம் இருக்கிறது. இடத்துக்காக நடையை மாற்றத் தேவையில்லை.

குறுஞ்செய்தியில் இது இன்னும் கறார். ஆங்கில எழுத்தில் 160 குறி கொள்ளும் ஒரு எஸ்.எம்.எஸ்., தமிழ் எழுத்து வந்துவிட்டால் 70 குறிதான் கொள்ளும். தாண்டினால் இரண்டு செய்தியாகக் கணக்காகும். வாட்ஸ்அப் இல்லாத மூத்த வாடிக்கையாளர்களுக்கு இன்னும் குறுஞ்செய்திதான் போகிறது. அவர்களுக்கு எழுதியது: “புதிய சுங்குடி வந்துள்ளது. விலை ரூ.850 முதல். ஞாயிறும் கடை உண்டு.” இடைவெளியும் புள்ளியும் சேர்த்து 65 குறி. இதைப் பேச்சு நடையில் எழுதினால் குறையாது, கூடும்.

பேச்சு நடை எந்த வயதுக்கும் போகக் கூடாத செய்திகள் சில உண்டு: விலை ஏற்றம், கூரியர் தாமதத்துக்கு வருத்தம் தெரிவிப்பது, வீட்டில் துக்கம் என்று கடை அடைப்பது. விலை ஏற்றத்தை உறவாடும் தொனியில் சொன்னால், நெருக்கம் காட்டிப் பணம் கேட்பதுபோல் படுகிறது. இதில் மகளும் அப்பாவும் உடனே ஒத்துக்கொண்டார்கள்.

மாற்றத்துக்குப் பிறகு என்ன ஆனது என்பதற்கு, விற்பனைக் கணக்கைக் காட்டுவது நேர்மையாக இருக்காது. புதிய கேப்ஷன்கள் பங்குனி கடைசியில் தொடங்கின. சித்திரையில் வெயிலும் திருவிழாவும் சேர்ந்து மதுரையில் பருத்திச் சேலை எப்படியும் அதிகம் விற்கும்; அதைக் கேப்ஷன் செய்த வேலை என்று சொல்ல முடியாது. நோட்டு சொல்வதை மட்டும் சொல்கிறேன். கூரியரில் திருப்பி அனுப்பும் தகராறு நின்றுவிட்டது. பிளவுஸ் துணிக் கேள்வி அனேகமாக மறைந்தது. சாயம் விடுவது பற்றிய புகார் குறைந்தது. வருகிறவையும் உப்புத் தண்ணீரில் அலசாமல் நேராக வாஷிங் மெஷினில் போட்டவர்களிடமிருந்துதான். இளைய வாடிக்கையாளர்கள் அந்தத் தகவல் பத்தியை மட்டும் தனியாக வெட்டி வீட்டுக்கு அனுப்புவதையும் மகள் கவனித்திருக்கிறார். எழுத்து நடையில் இருப்பதால் அதை யாரும் மாற்றி எழுத வேண்டியிருக்கவில்லை.

தீராத ஒரு பகுதி வீடியோ. சேலையை விரித்துக் காட்டி மகள் பேசும் குறும்படங்களில், அவர் வாயில் பேச்சுத் தமிழ்தான் வரும்; வரவும் வேண்டும். திரையில் ஓடும் வரியை எந்த நடையில் போடுவது? காதில் “லேசா இருக்கு” என்று கேட்கும்போது கண்ணில் “மென்மையாக உள்ளது” என்று வந்தால் இரண்டும் மோதுகின்றன. பார்ப்பவர் வரியைப் படிப்பதா, குரலைக் கேட்பதா என்று தடுமாறுகிறார். ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது, அவருக்கு எழுத்து நடையே எளிது. இருவருக்கும் ஒரே வரிதான் போட முடியும். இப்போதைக்கு, பேசும் சொற்களுக்கு இணையாக ஓடும் வரியில் பெயர்ச்சொல்லை முழுதாகவும் வினையின் வாலைப் பேச்சாகவும் வைக்கிறோம். விலையும் நீளமும் வரும் கடைசி அட்டையில் மகள் பேசுவதை நிறுத்திவிடுகிறார், எழுத்து நடையிலான தகவல் மட்டும் சில விநாடி நிற்கிறது. மூத்தவர்கள் குறும்படம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்று கல்லாவிலிருந்து தகவல் வருகிறது. அவர்களில் பலர் ஒலியோடுதான் பார்க்கிறார்கள் என்பதால், நோட்டில் அதற்கென்று ஒரு பத்தி போட்டு, எந்த வரியில் நின்று கேள்வி கேட்கிறார்கள் என்று குறித்துவருகிறோம்.